140 வாட் போதும். 1600 வாட் ஏன்?

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் 27 டிகிரி, வெளியே 35 டிகிரி. இந்தியாவில் ஏசிகளின் திறனைச் சோதிப்பதும் இதே வெப்பநிலைகளில்தான். அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அது எடுத்து வெளியே தள்ளுகிறது. அதற்காக மீட்டரில் அது இழுக்கும் மின்சாரம், இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசி என்றால், ஏறத்தாழ 1600 வாட்.

கொடுப்பது 1.6, கிடைப்பது 5.3. முதன்முறை கேட்பவருக்கு இது கணக்கில் ஏதோ பிழை என்றே தோன்றும். பிழை இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இடம் மாற்றுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரைப் படைப்பதில்லை, மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான்; ஏசியும் அப்படி ஒரு பம்ப். எத்தனை அடி ஆழத்திலிருந்து ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கரண்ட் செலவு மாறுவதுபோல, எத்தனை டிகிரி வித்தியாசத்துக்கு வெப்பத்தை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஏசியின் செலவு மாறும்.

இடம் மாற்றிய வெப்பத்தைச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குச் செயல்திறன் குணகம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சி.ஓ.பி. என்பார்கள். நம் ஏசிக்கு அது 3.3.

ஆச்சரியப்பட வேண்டியது 3.3 இவ்வளவு அதிகமாக இருப்பதைப் பற்றியல்ல, இவ்வளவு குறைவாக இருப்பதைப் பற்றித்தான். பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824-இல், தமது 28-ஆம் வயதில், நீராவி எந்திரங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எந்த எந்திரமானாலும் அதன் உச்சத் திறனை முடிவு செய்வது அது வேலை செய்யும் இரண்டு வெப்பநிலைகள்தான் என்பது அதன் சாரம். பின்வந்த கெல்வினும் கிளாசியஸும் அதைக் கணக்காக்கினார்கள். அதே எந்திரத்தைத் தலைகீழாக ஓட்டினால் குளிர்சாதனம். அதன் உச்ச சி.ஓ.பி.யைக் காண, குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் போதும். அறை 27 டிகிரி என்பது 300 கெல்வின். வித்தியாசம் 8. முந்நூறை எட்டால் வகுத்தால் 37.5.

அதாவது 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, இயற்கை விதிப்படி 140 வாட் இருந்தாலே போதும். இரண்டு சீலிங் ஃபேனுக்கு ஆகும் மின்சாரம். மீதி 1460 வாட் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட, ஏசிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இன்று புதிதாக விற்கும் ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். வீட்டு ஏசி ஒன்றில் அது ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நம் ஒன்றரை டன் எந்திரத்தில் விநாடிக்குச் சுமார் 24 கிராம் வீதம் அது சுற்றி வருகிறது.

சுற்று நான்கு கட்டம். அறைக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவ கேஸ் சுமார் 7 டிகிரியில் கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ச்சி என்பது இந்த இடத்தில் நடப்பதுதான். ஆவியான கேஸ், வெளியே இருக்கும் கம்ப்ரசருக்குப் போகிறது. காயிலில் 10 பார் இருந்த அழுத்தத்தைக் கம்ப்ரசர் 31 பாருக்கு ஏற்றுகிறது. அழுத்தும்போது கேஸ் சூடேறி 80 டிகிரியைத் தாண்டிவிடும். இந்தச் சூட்டோடு கண்டென்சருக்குள் நுழைந்து, வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, 50 டிகிரி வாக்கில் மறுபடி திரவமாகிறது. கடைசியாக, மயிரிழை போன்ற கேப்பிலரிக் குழாய் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. சில ஏசிகளில் அதற்குப் பதிலாக எக்ஸ்பேன்ஷன் வால்வு. மறுபக்கம் வரும்போது அழுத்தம் 10 பாருக்கு இறங்கிவிடுகிறது, வெப்பநிலையும் 7 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மீண்டும் காயில்.

1834-இல் ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் காப்புரிமை பெற்ற எந்திரமும் இதே சுற்றைத்தான் சுற்றியது. அவர் பயன்படுத்தியது ஈதர். இடையில் கேஸ் மாறியது, கம்ப்ரசர் மாறியது, சுற்று மாறவில்லை. இன்னும் ‘டன்’ என்று சொல்கிறோமே, அது அதற்கும் முந்தைய ஐஸ் வியாபாரத்தின் மிச்சம். 2000 பவுண்டு எடையுள்ள ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் உறிஞ்சும் வெப்பம்தான் ஒரு டன், 3.5 கிலோவாட்டுக்குச் சற்று மேல். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸைச் சேர்த்துவைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன சுற்றில் இரண்டு எண்களைக் கவனித்தவர்களுக்குத் திருடன் யார் என்று தெரிந்திருக்கும். அறை 27 டிகிரி. ஆனால் காயில் 7 டிகிரி. வெளியே 35 டிகிரி. ஆனால் கண்டென்சர் 50 டிகிரி. நாம் நினைத்தது 8 டிகிரி ஏற்றம். எந்திரம் உண்மையில் ஏற்றுவது 43 டிகிரி.

ஏன் இப்படி? வெப்பம் தானாக நகர வேண்டுமானால் வெப்பநிலையில் வித்தியாசம் இருந்தாக வேண்டும். 27 டிகிரி அறைக் காற்றிலிருந்து 27 டிகிரி காயிலுக்கு ஒரு வாட் வெப்பம்கூடப் போகாது. 26.9 டிகிரி காயிலுக்குப் போகும், ஆனால் வேண்டிய அளவு போக அந்தக் காயில் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கார்னோவின் கணக்கில் அதற்குத் தடையில்லை. எல்லையற்ற பரப்பும் எல்லையற்ற நேரமும் அங்கே இலவசம். கடையில் விற்கும் ஏசி மூன்றடி நீளப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், சுவரில் மாட்ட வேண்டும், கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். சின்னக் காயிலில் வேண்டிய வெப்பத்தை எடுக்க ஒரே வழி, அதை நன்றாகக் குளிர வைப்பதுதான்.

உள் காயிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 27 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 16 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அதிலிருந்து தண்ணீர் பிரியும். காயில் அதற்குக் கீழே இல்லாவிட்டால் அறை குளிரும், ஆனால் கசகசப்பு போகாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஏசியின் டிரெயின் குழாயில் சொட்டும் தண்ணீர் இந்த வேலைக்குச் சாட்சி. எனவே காயிலைப் பெரிதாக்கினாலும் அதன் வெப்பநிலையை ஒரு வரம்புக்கு மேல் உயர்த்த முடியாது.

வெளியே உள்ள கதை வேறு. அங்கே கண்டென்சர் கிட்டத்தட்ட 6.8 கிலோவாட் வெப்பத்தைத் தொலைக்க வேண்டும்: அறையிலிருந்து எடுத்த 5.3, அதோடு கம்ப்ரசர் செலவழித்த ஒன்றரை. கரண்ட்டும் கடைசியில் வெப்பமாகி அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஃபேன் விநாடிக்கு 0.6, 0.7 கன மீட்டர் காற்றை இழுத்து ஊதினாலும், 35 டிகிரியில் உள்ளே போன காற்று 44 டிகிரியில் வெளியே வரும். வெளிவரும் காற்றைவிடக் கேஸ் சூடாக இருந்தாக வேண்டும். அதனால் 50.

7 டிகிரி என்பது 280 கெல்வின். அதை 43-ஆல் வகுத்தால் 6.5. மற்ற எல்லாம் குறையே இல்லாமல் நடந்தாலும் இனி சி.ஓ.பி. 6.5-ஐத் தாண்டாது, 140 வாட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 810 வாட் ஆகிவிடுகிறது. கம்ப்ரசரைக் குறை சொல்வதற்கு முன்பே, வெறும் இரண்டு காயில்களின் வெப்பநிலை வித்தியாசத்துக்காக 670 வாட் போய்விட்டது. மொத்த இழப்பில் மிகப் பெரிய பங்கு இதுதான். தொழிற்சாலையில் செம்பும் அலுமினியமும் கூடுதலாகப் போட்டுப் பெரிய காயில் செய்தால் இது குறையும். ஐந்து நட்சத்திர ஏசியின் அவுட்டோர் யூனிட் பெரிதாகவும் கனமாகவும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடுத்த இழப்பு கேப்பிலரியில். 31 பார் அழுத்தத்தில் இருந்த திரவம் 10 பாருக்கு இறங்கும்போது அந்த அழுத்தத்தை வைத்து ஒரு சிறு டர்பைனைச் சுற்றி, கொஞ்சம் வேலையைத் திருப்பி எடுக்கலாம் என்பது கார்னோ கணக்கு. நடைமுறையில் யாரும் செய்வதில்லை. பாதி திரவமும் பாதி ஆவியுமாக வரும் கலவையில் டர்பைன் நீடிக்காது. விநாடிக்கு 24 கிராம் ஓடும் இடத்தில் கிடைப்பதும் சொற்பம். அதனால் அந்த அழுத்தம் வீணாகவே விடப்படுகிறது. இதனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 50 டிகிரித் திரவம் 7 டிகிரிக்கு இறங்கத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதில் கால் பங்குக்கு மேல் காயிலை அடையும் முன்பே ஆவியாகிவிடுகிறது. அந்தக் கால் பங்கு அறையைக் குளிர்விக்க உதவாது. கம்ப்ரசருக்குள் கேஸ் தேவைக்கு மேல் சூடாவதும் இந்தக் கணக்கில் சேரும். எல்லாம் போக, சி.ஓ.பி. 5-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. செலவு 1055 வாட். பாடப்புத்தகத்தில் ‘ஐடியல் சுழற்சி’ என்று மாணவர்கள் கணக்குப் போடுவது இந்த இடத்தில் உள்ள எந்திரத்தை.

பிறகு கம்ப்ரசர். அது ஒரு கறுப்பு இரும்பு உருளை. உள்ளே மோட்டாரும் அழுத்தும் பகுதியும் ஒன்றாக அடைபட்டிருக்கும். மோட்டார் கம்பிச் சுற்றில் உண்டாகும் சூடு, பேரிங் உராய்வு, அழுத்திய கேஸ் நுண்ணிய இடைவெளிகள் வழியே பின்னால் கசிவது என்று பல சில்லறை இழப்புகள் சேர்ந்து, கொடுத்த மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம்தான் உருப்படியான வேலையாகிறது. 1055 வாட் இப்போது 1500. உள்ளே ஒரு ஃபேன், வெளியே ஒரு ஃபேன், இரண்டுக்கும் சேர்த்து நூறு வாட். மொத்தம் 1600. கணக்கு நேராகிவிட்டது.

இந்த இடத்தில்தான் இன்வெர்ட்டர் ஏசியின் சூட்சுமம் புரியும். கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றுவதால் கரண்ட் மிச்சம் என்பது கடைக்காரர் சொல்லும் விளக்கம். பாதி வேகத்தில் பாதி வேலை நடந்தால் அதில் என்ன மிச்சம்? விஷயம் காயிலில் இருக்கிறது. பாதி வெப்பத்தை எடுக்க அதே முழுக் காயில் கிடைக்கிறது. அப்போது அது 7 டிகிரிக்குப் போக வேண்டியதில்லை, 13 போதும். வெளியே 50 வேண்டாம், 41 போதும். ஏற்றம் 43-லிருந்து 28 டிகிரியாகச் சுருங்குகிறது. 286-ஐ 28-ஆல் வகுத்தால் உச்ச வரம்பு 10-ஐத் தாண்டுகிறது. சாதாரண ஏசியோ, ஓடும் நேரமெல்லாம் முழு மூச்சில் 43 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் பிறகு நின்றுவிடுகிறது. நட்சத்திர ஸ்டிக்கரில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண், 24 முதல் 43 டிகிரி வரை வெவ்வேறு வெளி வெப்பநிலைகளில், வருடத்துக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்குப் போடும் சராசரி. அதில் இன்வெர்ட்டர் முன்னால் நிற்பது இந்தப் பகுதிச் சுமையின் தயவால்தான். சின்ன ஏசியை வாங்கிப் பெரிய ஹாலில் மாட்டி அதை எப்போதும் முழு வேகத்தில் ஓட வைத்தால், இன்வெர்ட்டருக்குக் கொடுத்த கூடுதல் காசில் பாதி வீண்.

இதே எந்திரத்தைத் திருப்பி வைத்தால் அறையைச் சூடாக்கலாம். அப்போது அதன் பெயர் ஹீட் பம்ப். வெளிக்குளிரிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளும். கம்ப்ரசருக்குக் கொடுத்த மின்சாரமும் வெப்பமாக வீட்டுக்குள்ளேயே சேர்வதால், சூடாக்கும்போது சி.ஓ.பி.யில் ஒன்று கூடும். கெல்வின் 1852-இலேயே இந்த யோசனையைச் சொன்னார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938-இல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்பைப் பொருத்தியது.

இங்கேயும் பிரச்சினை அதே ஏற்றம்தான். வெளியே 0 டிகிரி; ரேடியேட்டருக்கு 60 டிகிரி வெந்நீர் வேண்டுமென்றால் உச்ச வரம்பு 5.5. அதே வீட்டில் தரைக்கடியில் குழாய் பதித்து 35 டிகிரி நீரை ஓடவிட்டால் வரம்பு 8.8. தரை முழுவதும் வெப்பம் கொடுக்கும் பரப்பாகிவிடுவதால் அவ்வளவு சூடான நீர் தேவைப்படுவதில்லை. ஐரோப்பாவில் ஹீட் பம்ப் பொருத்துபவர்கள் தரைக்குழாயை விரும்புவது இதனால்தான். குளிர் கூடக்கூட வீட்டுக்கு வெப்பம் அதிகம் தேவை, எந்திரத்தின் திறனோ அப்போதுதான் குறைவு என்பது இதன் பெரிய தொல்லை. வெளிக் காயிலில் உறைபனி படியும். அதை உருக்க எந்திரம் அவ்வப்போது திசையை மாற்றி வீட்டிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இத்தனைக்குப் பிறகும், சி.ஓ.பி. சரியாக 1 ஆக இருக்கும் சாதாரண மின் ஹீட்டரைவிட அது எவ்வளவோ மேல்.

நம் ஊர் வெயிலுக்குத் திரும்புவோம். தொழிற்சாலையில் வாங்கும்போதே 3.3-தான் என்றால், வீட்டில் அதையும் குறைக்கும் காரியங்கள் தாராளமாக நடக்கின்றன. அவுட்டோர் யூனிட்டைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் மாட்டினால், தான் ஊதிய 44 டிகிரிக் காற்றையே அது திரும்ப இழுக்கும். ஃபின்களுக்கு நடுவே தூசு அடைத்தாலும் இதே விளைவு. கண்டென்சர் 50-லிருந்து 58 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், வரம்பு 6.5-லிருந்து 5.5-ஆக இறங்கும். 1500 வாட்டில் ஓடிய கம்ப்ரசர் அதே குளிர்ச்சிக்கு 1800-ஐ நெருங்கும்.

எங்கே கோளாறு என்பதை ஓரளவு கிளாம்ப் மீட்டரே சொல்லிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசி சாதாரணமாக ஏழரை ஆம்பியர் வாக்கில் இழுக்கும். குளிர்ச்சி குறைந்து, ஆம்பியர் எட்டரைக்கு மேல் போனால் சந்தேகம் கண்டென்சர் பக்கம்: தூசு, காற்றோட்டத் தடை, ஃபேன் கோளாறு. பொருத்தும்போது வாக்யூம் பம்ப் போடாமல் விட்டதால் குழாய்க்குள் தங்கிய காற்றும் இதே அறிகுறியைக் காட்டும். அந்தக் காற்று திரவமாகாமல் கண்டென்சரில் இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் ஏறும்.

குளிர்ச்சியும் குறைந்து, ஆம்பியரும் குறைந்தால் வேறு கதை. கேஸ் கசிந்திருக்கலாம். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாயின் நட்டு மேல் வெள்ளையாகப் பனி படிந்திருப்பதும், காயிலின் ஒரு மூலை மட்டும் உறைந்து மற்ற பகுதி வெதுவெதுப்பாக இருப்பதும் அதன் அடையாளம். காயில் முழுவதும் ஒரே சீராக ஐஸ் கட்டி, காற்றும் மெதுவாக வந்தால் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு. தண்ணீரில் கழுவி மாட்டினால் தீர்ந்துவிடும்.

ரிமோட்டில் கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய அறை ஏசிகள் 24 டிகிரி இயல்பு அமைப்போடு வருவது அதனால்தான்.

கேஸைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏசியில் அது பெட்ரோல்போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியதும்கூட. ஆகவே அடுத்த கோடையில் ‘கேஸ் ஏத்தணும் சார்’ என்று யாராவது சொன்னால், ஆம்பியர் எவ்வளவு காட்டுகிறது என்றும், கசிவு எங்கே இருக்கிறது என்றும் முதலில் கேளுங்கள். கசிவை அடைத்து, வாக்யூம் போட்டு, எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.